வெட்டுப்பட்ட கடைசி வரியை நானே எழுதி முடித்த கதை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்காகத் தாத்தாவைப் பற்றிய ஒரு பழைய பத்திரிகைத் துண்டைப் படியெடுத்துத் தட்டச்சு செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு சாயங்காலத்தில் முடியும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது, ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய் போனது. அதைவிட, அச்சில் ஒரு தவறான செய்தி என் பெயரோடு போய்விட்டது. வீட்டில் இப்படி ஒரு துண்டை வைத்திருப்பவர்கள் யாராவது தட்டச்சு செய்ய உட்காரும் முன் இதைப் படித்தால் நல்லது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

துண்டு என் அத்தை வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பிரேமுக்குள் இருந்தது. மொத்தம் பதினோரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மேலே இரண்டு பத்திக்கும் பொதுவாகத் தடித்த எழுத்தில் ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’ என்று தலைப்பு, அதற்குக் கீழே ‘பொதுமக்கள் உற்சாகம்’ என்று சின்னத் தலைப்பு, பிறகு அடைப்புக்குறிக்குள் ‘நமது நிருபர்’. அடுத்து எங்கள் ஊர்ப் பெயரும் ‘ஏப். 18’ என்ற தேதியும். அதன் கீழ் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத இரண்டு ஒல்லியான பத்திகள், நடுவில் ஒரு மெல்லிய கோடு. இரண்டாம் பத்தியின் அடியில்தான் தாத்தா பெயர் வருகிறது. பிரேமுக்கு அடங்கவில்லை என்று எப்போதோ யாரோ கத்தரியை ஓட்டியதில் கடைசி வரி நீளவாக்கில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. எழுத்துகளின் மேல்பாதி மட்டும் மிச்சம்.

காமராஜ் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஊர் ஊராக நடந்த மாநாடுகள் அவை. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு, ஊர்மக்களே மேடையில் எழுந்து இதை நான் தருகிறேன், அதை நான் தருகிறேன் என்று ஏற்றுக்கொள்வார்கள். தாத்தா தச்சுவேலை செய்தவர். அவர் பெஞ்சு கொடுத்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் ‘தெரிந்த விஷயம்’தான் என்னைத் தவறவைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் தவறு, பிரேமிலிருந்து எடுத்த கையோடு அதை லேமினேஷன் செய்யக் கொடுத்தது. மடிப்பில் கிழிந்துவிடும்போல இருந்தது, பத்திரப்படுத்துவோம் என்ற நல்லெண்ணம்தான். நாற்பது ரூபாய். சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டியபோது காகிதத்தின் மடிப்புகள் அப்படியே நசுங்கிப் படிந்துவிட்டன. கடைசி வரியின் நடுவில் ஒரு காற்றுக்குமிழ் வேறு. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. அதைப் பிரித்து எடுக்கவே முடியாது, பிரித்தால் அச்சும் சேர்ந்து உரிந்து வரும். செலோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். துண்டு எவ்வளவு நைந்திருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது படம் எடுப்பதுதான். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், துண்டுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாள். அந்தக் கறுப்புத் தாள் முக்கியம். செய்தித்தாள் மெல்லிசு என்பதால் பின்பக்க அச்சு முன்பக்கத்தில் நிழலாடும். வெள்ளைத் தாளை வைத்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும், கறுப்பை வைத்தால் அடங்கிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து எடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பின்பக்கத்தையும் அதேபோல் எடுத்துவிடுங்கள்.

நான் செய்த ஒரே நல்ல காரியம், லேமினேஷனுக்குப் போகும் முன் அண்ணனுக்கு அனுப்புவதற்காக போனில் ஒரு படம் எடுத்திருந்தது. அது இருப்பதே அப்போது என் நினைவில் இல்லை.

அடுத்து டவுனில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்தேன். தட்டச்சுக்கும் ‘எழுத்தைச் சுத்தம் செய்து தருவதற்கும்’ சேர்த்து அறுநூறு ரூபாய். வேலை செய்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், அக்கறையாகத்தான் செய்தார். வந்ததைப் படித்தபோது ஒன்றும் புரியவில்லை. இரண்டு பத்திகளையும் அவர் இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்திருக்கிறார். தலைப்பு இரண்டு பத்திக்கும் மேலே பரவியிருந்ததால், கீழே உள்ளதும் அப்படியே போகும் என்று எண்ணியிருக்கலாம். நடுக்கோடு பாதி அழிந்திருந்ததும் ஒரு காரணம். வலது ஓரத்தில் பக்கத்துச் செய்தியின் முதல் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றையும் விடாமல் சேர்த்திருந்தார்.

பத்தி எங்கே முடிந்து எங்கே தொடர்கிறது என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளில் ஒல்லியான பத்தியில் சொல் முடியாவிட்டால் இணைப்புக்கோடு எதுவும் போடாமல் அடுத்த வரிக்கு உடைத்துப் போடுவார்கள். ஆகவே முதல் பத்தியின் கடைசி வரியில் ஒரு சொல் பாதியில் நின்றால், அதன் மீதிப் பாதி இரண்டாம் பத்தியின் தலையில் இருக்க வேண்டும். எங்கள் துண்டில் முதல் பத்தி இப்படி முடிகிறது:

பெற்றோர்கள் ஒருவர்
பின் ஒருவராக எழுந்து
பொருள்களாகவும் ரொக்கமாக

இரண்டாம் பத்தி இப்படித் தொடங்குகிறது:

வும் நன்கொடை அறிவித்
தனர். ஒரு சுவர்க்
கடிகாரம், ஒரு வெண்கல
மணி, மூன்று கரும்பல
கைகள்

‘ரொக்கமாக’, ‘வும்’. அந்த ‘வும்’ வேறு எங்கும் ஒட்டாது. ஆக இடையில் எதுவும் விடுபடவில்லை, வரிசையும் இதுதான் என்று உறுதியாகிவிடுகிறது. பத்தி மாறும் ஒவ்வோர் இடத்திலும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். ஒட்டவில்லை என்றால் நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது, அல்லது வரிசையைத் தப்பாகப் பிடித்திருக்கிறோம்.

மேலே உள்ளதில் ‘சுவர்க்’ என்ற வரியின் கடைசி ‘க்’ மிக மங்கலாக இருந்தது. தம்பி அதை அழுக்கு என்று விட்டுவிட்டு, ‘ஒரு சுவர், கடிகாரம்’ என்று இடையில் ஒரு காற்புள்ளியும் வைத்துவிட்டார். யாரோ ஒருவர் பள்ளிக்குச் சுவரே கட்டிக் கொடுத்ததாக ஆகிவிட்டது. வரிக் கடைசியில் மங்கலாக நிற்கும் ஒற்றெழுத்தும் காற்புள்ளியும் பொருளையே மாற்றக்கூடியவை. அந்த ஓரத்தை மட்டும் லென்ஸ் வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

இன்னொன்று பழைய எழுத்து. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான தாளில் லை, ளை, னை, ணை நான்கும் முன்னால் துதிக்கைபோல் சுழித்த கொம்போடு வரும். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக இருக்காது, எழுத்தோடு சேர்ந்து வளைந்திருக்கும். வயதில் மூத்தவர்களுக்கு இது பழக்கம். அந்தத் தம்பி இந்த எழுத்துகளைப் பார்த்ததே இல்லை. ‘மாணாக்கர்’ என்பது ‘மாணக்கர்’ என்றும், ‘பெஞ்சுகளை’ என்பது ‘பெஞ்சுகள’ என்றும் வந்தது. தட்டச்சு செய்யும்போது பழைய வடிவத்துக்குத் தனி எழுத்துரு தேடி அலைய வேண்டாம். யூனிகோடில் பழைய ணாவுக்கும் புதிய ணாவுக்கும் எழுத்துக்குறி ஒன்றுதான், வடிவம் எழுத்துருவைப் பொறுத்தது. சாதாரணமாக அடித்தால் போதும். ஆனால் ‘தேசீய’, ‘மந்திரி’, ‘ஜில்லா’ போன்ற அன்றைய சொற்களை இன்றைய வழக்குக்கு மாற்றாதீர்கள். தாளில் உள்ளது உள்ளபடி வர வேண்டும்.

சரி, நானே உட்கார்ந்துவிடலாம் என்று அறுநூறு ரூபாயை மறந்துவிட்டு ஆரம்பித்தேன். இரண்டு இரவில் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது, கடைசி வரி வரை. அதற்கு முந்தைய வரிகளில் தாத்தா பெயர், பிறகு ‘தம் கையாலேயே செய்த நான்கு பெஞ்சுகளைப் பள்ளிக்கு’ என்று படித்தேன். பாதி வெட்டுப்பட்ட கடைசி வரி ‘வழங்’ என்று தொடங்குவது தெரிந்தது. நடுவில் பிளாஸ்டிக் குமிழ். வரியின் கோடியில் ஒரு எழுத்தின் தலையில் புள்ளி. ‘வழங்கினார்’. வேறு என்னவாக இருக்க முடியும்? அடித்தேன், முற்றுப்புள்ளி வைத்தேன். வெட்டுப்பட்ட வரி என்று அடைப்புக்குறியில் ஒரு வார்த்தைகூடப் போடவில்லை. மலர் அச்சாகி முந்நூறு பிரதிகள் வந்தன. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊரில் பெரியவர் ஒருவர் மலரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த மாநாட்டின்போது அவருக்குப் பத்து வயது, பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தாராம். “தாயி, உங்க தாத்தா நல்ல மனுசன். ஆனா அன்னைக்கு அவர் பெஞ்சு எதுவும் கொண்டாரலை. மேடையில ஏறிச் செஞ்சு தர்றேன்னு சொன்னாரு, அம்புட்டுதான். பேப்பர்ல கொடுத்தார்னு போட்டிருக்காது, நல்லாப் பாரு” என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டுவிட்டது. தாத்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்கிறாரோ என்று கோபம்கூட வந்தது. அன்று இரவு தூக்கமில்லை. முந்நூறு பேர் கையில் போன பிறகு என்ன செய்வது?

முழுச் செய்தித்தாளையே கண்டுபிடித்துக் காட்டிவிடுவது என்று கிளம்பினேன். இங்கேதான் பெரிய பணம் போனது. துண்டில் பத்திரிகைப் பெயர் இல்லை, வருடமும் இல்லை. வருடத்தைக் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன், அது சரியாக அமைந்தது. செய்தியில் ‘நேற்று ஞாயிற்றுக்கிழமை’ மாநாடு நடந்ததாக இருக்கிறது. இந்த ‘நேற்று’ ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து கணக்கிட வேண்டியது, பத்திரிகை வெளியான தேதியிலிருந்து அல்ல. நிருபர் எழுதிய தேதி ஏப்ரல் 18, ஆகவே மாநாடு 17. ஏப்ரல் 17 ஞாயிற்றுக்கிழமையாக வருவது அந்தக் காலகட்டத்தில் 1955, 1960, 1966 ஆகிய மூன்று வருடங்களில்தான். ரொக்க நன்கொடை ஒன்றை ‘ரூ. 27–50 ந.பை.’ என்று போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஒரு பல்பொடி விளம்பரத்திலும் ‘ந.பை.’ இருக்கிறது. நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது, அதனால் 1955 இல்லை. முதல் பத்தியில் ‘முதல் மந்திரி காமராஜ்’ என்று இருக்கிறது. அவர் 1963-இல் பதவியை விட்டுவிட்டார், அதனால் 1966-உம் இல்லை. மிச்சம் 1960. கண்ணில் படாமல் வந்து நிற்கும் இந்தச் சின்னச் சொற்களைத்தான் தம்பி ‘தேவையில்லை’ என்று விட்டிருந்தார். நானும் முதலில் அடித்தபோது நிருபர் வரியையும் ஊர், தேதி வரியையும் தலைப்போடு சேர்த்து ஒப்புக்கு அடித்திருந்தேன். அந்த ஒரு வரி இல்லையென்றால் ‘நேற்று’ என்பதற்குப் பொருளே இல்லை.

1960 ஏப்ரல் 19-உம் அதை அடுத்த நாட்களும் என்று முடிவுசெய்து, சென்னைக்கு பஸ் ஏறினேன். கன்னிமாரா நூலகம் சட்டப்படி நூல்களையும் பத்திரிகைகளையும் பெறும் நூலகங்களில் ஒன்று. 1954-இல் நூல்களுக்காக வந்த சட்டத்தில் 1956-இல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். அதனால் 1960 தாள் இருக்க வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டேன். எந்தப் பத்திரிகை என்பதற்கு அத்தை சொன்ன பெயரை அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் லாட்ஜ், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். அந்தப் பத்திரிகையின் ஏப்ரல் 19 முதல் 26 வரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் செய்தி இல்லை.

இரண்டாம் நாள் மாலைதான் எனக்கு உறைத்தது. அந்தப் பத்திரிகையின் பத்தி அகலத்தைப் பார்த்தால் எங்கள் துண்டைவிட நன்றாகவே குறுகல். துணைத்தலைப்பின் எழுத்து அச்சும் வேறு மாதிரி. ஸ்கேலோடு எடுத்த ஒரு படம் கையில் இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே இது அந்தப் பத்திரிகை இல்லை என்று தெரிந்திருக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே பத்திரிகைக்குச் சென்னைப் பதிப்பு, மதுரைப் பதிப்பு என்று இருந்தால், கிராமத்துச் செய்திகள் அந்தந்த வட்டாரப் பதிப்பில் மட்டும் வந்திருக்கும். சென்னையில் உள்ள கட்டு சென்னைப் பதிப்பாக இருந்தால் பத்திரிகையும் தேதியும் சரியாக இருந்தும் செய்தி கிடைக்காது. எந்தப் பதிப்பின் கட்டு என்று கேட்டுக்கொண்டுதான் பயணம் கிளம்ப வேண்டும்.

வெறுங்கையோடு திரும்பி வந்த பஸ்ஸில்தான் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. லேமினேஷனுக்கு முன் எடுத்தது. குமிழ் இல்லை, பளபளப்பு இல்லை. கடைசி வரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஸ் குலுங்கியதால் வீட்டுக்கு வந்து கணினியில் போட்டு, ஒரு தாளில் வரியின் மேல்பாதியை அப்படியே வரைந்துகொண்டேன்.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் மேல்பாதி மட்டும் இருந்தால் எது மிஞ்சும், எது போகும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி மேலே இருப்பதால் மிஞ்சும். இகர, ஈகாரக் கொக்கிகளும் மேலே சுழிவதால் மிஞ்சும். போவது உகர, ஊகாரங்கள். க, கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டவின் அடிக்கோடு போய்விட்டால் வெறும் ஒற்றைக் கம்பிதான் நிற்கும். பவுக்கு இரண்டு கம்பி. ழவின் வால் போய்விட்டால் அது மவோ ழவோ என்று தடுமாறும். மேல்பாதி வெட்டுப்பட்ட வரி என்றால் இதற்கு நேர்மாறு, புள்ளியும் கொக்கியும் போய் உகரம் மிஞ்சும். ஆகவே முதலில் மிஞ்சக்கூடியவற்றை மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டும், ஊகம் அதன் பிறகு.

எண்ணினேன். அந்த வரியில் ஒன்பது எழுத்துகளின் தலை இருந்தது. புள்ளி இரண்டு, மூன்றாம் எழுத்தின் மேல் ஒன்று, கடைசி எழுத்தின் மேல் ஒன்று. இகரக் கொக்கி ஒன்றுகூட இல்லை. ‘வழங்கினார்’ என்றால் ஆறே எழுத்து, அதில் கி-யின் கொக்கி மேலே சுழித்திருந்தே ஆக வேண்டும். இல்லை. ‘வழங்கியுள்ளார்’ என்றாலும் அதே கொக்கி வேண்டும், புள்ளியும் மூன்றாகிவிடும். கொக்கி இல்லாமல் ‘வழங்’குக்குப் பின் வரக்கூடியது ‘கு’ அல்லது ‘க’. ‘வழங்குவதாக’ என்றால் ஏழு எழுத்து, புள்ளி ஒன்றுதான், சரியாகப் பொருந்துகிறது. அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி, வாவின் தலை, கடைசியாக ஒரு புள்ளியெழுத்து, அதன் தலை ககரத்தின் தலைக்கட்டு. ‘வழங்குவதாக வாக்’. நான் ‘ர்’ என்று நினைத்த கடைசிப் புள்ளி ‘க்’கின் புள்ளி.

இன்னொரு தடயமும் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அந்த வரி வலது கோடு வரை நிரம்பியிருந்தது. பாரா முடிகிற வரி பெரும்பாலும் பாதியில் நின்று, மிச்சம் வெள்ளையாக இருக்கும். கோடு வரை நிரம்பிய வரி என்றால் வாக்கியம் இன்னும் ஓடுகிறது, கீழே இன்னும் ஒரு வரியாவது இருந்தது என்றுதான் பெரும்பாலும் பொருள். நான் ‘கடைசி வரி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது கத்தரிக்குத்தான் கடைசி வரி, செய்திக்கு அல்ல.

அப்புறம் மேலே போய் முழுவதையும் மறுபடி படித்தேன். ‘தம் கையாலேயே செய்த’ என்று நான் படித்த இடம் மடிப்பில் விழுந்திருக்கிறது. லேமினேஷனுக்கு முந்தைய படத்தில் அது தெளிவாக ‘செய்து’. ‘செய்து நான்கு பெஞ்சுகளைப் பள்ளிக்கு வழங்குவதாக’. இரண்டாம் பத்தியின் தலையிலேயே ‘நன்கொடை அறிவித்தனர்’ என்று இருக்கிறது. எல்லோருமே அன்று அறிவித்தவர்கள்தான். முடிவை மனதில் வைத்துக்கொண்டு படித்ததால் கண் அதற்கேற்ப ஓர் உகரத்தையே விழுங்கியிருக்கிறது. எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. அந்தப் பெரியவர் அன்றே சொன்னது சரி.

ஊகம் எவ்வளவு பொருந்தினாலும் ஊகம்தான் என்று இந்த முறை தெரிந்திருந்தது. செய்தியில் வெண்கல மணி கொடுத்தவர் பெயரும் இருக்கிறதே, அவர் குடும்பமும் இதை வெட்டி வைத்திருக்குமே என்று தோன்றியது. சென்னை வரை போனவள் பக்கத்துத் தெருவுக்குப் போகவில்லை. போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டு மருமகள் ஒரு பழைய டைரிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். அது மேல்பக்கம் வெட்டுப்பட்டது, தலைப்பு பாதிதான் இருந்தது, ஆனால் அடி முழுசாக இருந்தது. ‘வழங்குவதாக வாக்’ என்ற வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள்:

களித்தார். தேசீய கீதத்
துடன் மாநாடு இனிது
முடிந்தது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு செய்தியில் பெயர் வந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அதன் ஒரு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் கத்தரி வேறு இடத்தில் விழுந்திருக்கும். நூலகம் தேடும் முன் இதைச் செய்யுங்கள்.

இப்போது செய்தால் எப்படிச் செய்வேன் என்றால், முதல் படியை அச்சில் இருக்கிற வரி உடைப்போடு அப்படியே அடிப்பேன். ஒரு வரிக்கு ஒரு வரி, பத்திக்கு ஒரு எண், வரிக்கு ஒரு எண். உடைந்த சொற்களைச் சேர்க்க மாட்டேன், எழுத்துப் பிழையைத் திருத்த மாட்டேன். தலைப்பு, துணைத்தலைப்பு, நிருபர் வரி, ஊரும் தேதியும் நான்கையும் தனித்தனி வரியாக வைப்பேன். ஓரத்தில் ஒட்டியிருக்கும் பக்கத்துச் செய்தியை அடிக்காமல், ‘வலது ஓரத்தில் வேறு செய்தியின் துணுக்குகள்’ என்று ஒரு குறிப்பு மட்டும். சந்தேகமான எழுத்தைச் சதுர அடைப்புக்குறியில் கேள்விக்குறியோடு. வெட்டுப்பட்ட வரிக்கு ‘[இவ்வரியின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டுள்ளது, மேல்பாதியைக் கொண்டு படித்தது]’ என்றும், அதன் கீழ் ‘[தொடர்ச்சி இல்லை]’ என்றும் போடுவேன். அதை வைத்துக்கொண்டுதான் சொற்களைச் சேர்த்துப் படிக்க எளிதான இரண்டாம் படி. இரண்டாவதில் எங்காவது சந்தேகம் வந்தால் முதல் படிக்குப் போய்ப் பார்க்கலாம். நான் ஒரேயடியாக இரண்டாம் படியைத்தான் அடித்தேன், அதனால் எங்கே தாள் பேசுகிறது, எங்கே நான் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாமல் போனது.

மலரைத் திரும்ப அச்சிடக் கையில் பணமில்லை. ஒரு சின்னத் திருத்தச் சீட்டு முந்நூறு அச்சடித்தேன், நானூற்றைம்பது ரூபாய். பள்ளியில் மிச்சமிருந்த பிரதிகளில் ஒட்டிவிட்டு, மற்றதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் சீட்டை அந்தப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாக அத்தையிடம் போனேன். வாக்குக் கொடுத்தார் என்றுதான் பேப்பரில் இருக்கிறது என்று சொல்லத் தயக்கமாக இருந்தது. கேட்டதும் அவர் முகம் மாறவில்லை. “ஆமா தாயி, சொல்லிட்டு வந்துட்டாரு, கையில பலகை இல்லை. வைகாசி முச்சூடும் திண்ணையில வச்சு இழைச்சாரு. நான்தான் சுருள் கூட்டி அள்ளுவேன். மூணு பெஞ்சுக்கு மாம்பலகை இருந்துச்சு. நாலாவதுக்குப் பத்தலை, கொல்லை வேம்பை வெட்டித்தான் போட்டாரு. பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்குக் காலையில மாட்டுவண்டியில ஏத்திக்கிட்டுப் போனாரு” என்றார். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். நீ பேப்பரைப் பற்றித்தானே கேட்டாய் என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடி, அன்றைய தேதி போட்டு, படியின் கீழ் ஒரு கோடு இழுத்து, ‘அத்தை சொன்னது’ என்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.